பல்ஸைக் குறைக்கும் மாத்திரைகள்

வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் மின்கருவி மூன்று எண்களைக் காட்டும். மேலே இருக்கும் இரண்டையும் எல்லோரும் படிக்கிறார்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லிக் கவலைப்படவும் செய்கிறார்கள். கீழே சின்னதாக இதயப் படம் போட்டு நிற்கும் மூன்றாவது எண்ணைப் பெரும்பாலோர் பார்ப்பதே இல்லை. டில்டியாசெம், வெராபமில், டிகாக்சின் ஆகிய மூன்றில் எதையாவது சாப்பிடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது அந்த மூன்றாவது எண்ணைத்தான். அது நிமிடத்துக்கு எத்தனை நாடித்துடிப்பு என்ற கணக்கு. இந்த மாத்திரைகளின் வேலையே அந்தக் கணக்கைக் குறைப்பதுதான். குறைவது எந்த அளவு வரை நல்லது, எங்கே அது ஆபத்தாக மாறுகிறது என்பதைப் பற்றியது இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். 'கால்சியம் தடுப்பு மாத்திரை' என்று மருந்துக்கடையில் ஒரே பெயரில் சொன்னாலும் அதில் இரண்டு வகை உண்டு. நம் ஊரில் அதிகம் எழுதப்படும் அம்லோடிபின், அதன் உறவுகளான நிஃபெடிபின், சில்னிடிபின் ஆகியவை இரத்தக்குழாய்களின் மேல் வேலை செய்பவை. குழாயைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும், சிலருக்குக் கணுக்கால் வீங்கும். வழக்கமான அளவில் பல்ஸை இவை குறைப்பதில்லை. நிஃபெடிபின் போன்றவை ஆரம்பத்தில் கொஞ்சம் ஏற்றிவிடக்கூடச் செய்யும். இன்னொரு வகையில் இருப்பவை டில்டியாசெமும் வெராபமிலும். இவை இதயத்தின் உள்ளேயே போய் வேலை செய்பவை, துடிப்பைக் குறைப்பவை. ஆகவே அம்லோடிபின் மட்டும் சாப்பிடும் ஒருவருக்குப் பல்ஸ் 48 என்று வந்தால், அந்த மாத்திரையைக் குற்றம் சொல்வதற்கு முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'ஏ' அல்லது 'ஏடி' என்ற ஆங்கில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தால், அதற்குள் அட்டெனலாலும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அது வேறு குடும்பத்து மருந்து, பீட்டா தடுப்பு. பல்ஸைக் குறைத்தது அதுவாக இருக்கும். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து இருப்பதை, சாப்பிடுகிறவருக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

இதயம் எப்படித் துடிக்கிறது என்பதில் நமக்கு வேண்டியது இரண்டே இடங்கள். வலது மேலறையின் உச்சியில் சைனஸ் கணு என்றொரு சின்னத் திசு இருக்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்துடிப்பை எழுப்புவது அதுதான். அந்தத் துடிப்பு மேலறைகளில் பரவி, கீழறைகளுக்குப் போகும் வழியில் ஏ.வி. கணு என்ற இடத்தில் ஒரு கணம் நின்று போகும். மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள ஒரே சோதனைச்சாவடி அது. மேலே எத்தனை துடிப்பு எழுந்தாலும், அந்தச் சாவடி அனுமதிப்பதுதான் கீழறையை அடையும், நம் மணிக்கட்டில் நாடியாக வரும்.

இதயத்தின் மற்றத் தசைகள் மின்துடிப்பை எழுப்பச் சோடியத்தை நம்பியிருக்கின்றன. இந்த இரண்டு கணுக்கள் மட்டும் கால்சியத்தை நம்பியிருக்கின்றன. கால்சியம் உள்ளே நுழையும் வாயிலை டில்டியாசெமும் வெராபமிலும் பாதி மூடிவிடுகின்றன. சைனஸ் கணு மெதுவாக எழுப்பும், ஏ.வி. கணு மெதுவாகக் கடத்தும். இதனால் பல்ஸ் இறங்குகிறது. அதே கால்சியம்தான் இதயத் தசை சுருங்குவதற்கும் வேண்டியது என்பதால், இந்த இரண்டு மருந்துகளும் இதயத்தின் அழுத்தும் வலுவையும் கொஞ்சம் குறைக்கும். இதயம் ஏற்கெனவே பலவீனமாக அழுத்துகிறது என்று எக்கோ சொன்னவர்களுக்கு இவற்றை எழுதாமல் தவிர்ப்பது இதனால்தான்.

டிகாக்சின் வேறு வழியில் வருகிறது. ஃபாக்ஸ்கிளவ் என்ற ஐரோப்பியப் பூச்செடியின் இனத்திலிருந்து வந்த மருந்து அது. அந்தச் செடியின் இலையைப் பற்றி இங்கிலாந்து மருத்துவர் வில்லியம் விதரிங் 1785-இல் ஒரு நூல் எழுதினார். அளவு மிஞ்சினால் வாந்தி வரும், கண்ணில் படும் பொருள்கள் மஞ்சளாகவும் பச்சையாகவும் தெரியும், நாடி 35 வரைக்கும் இறங்கிவிடும் என்று அதிலேயே குறித்துவைத்திருக்கிறார். இன்றைக்கும் டிகாக்சின் நஞ்சானால் நாம் தேடும் அடையாளங்கள் ஏறக்குறைய அவைதான்.

டிகாக்சினுக்கு இரண்டு கைகள் உண்டு. ஒன்று, இதயத் தசை அணுவில் சோடியத்தை வெளியேற்றும் பம்பை அடைக்கிறது. அதன் விளைவாக உள்ளே கால்சியம் கொஞ்சம் கூடுதலாகத் தங்கி, தசை வலுவாக அழுத்துகிறது. டில்டியாசெம் செய்வதற்கு இது நேர்மாறு. மற்றொன்று, வேகஸ் நரம்பைத் தூண்டிவிட்டு, ஏ.வி. கணுவின் கடத்தலைத் தாமதப்படுத்துகிறது. நமக்கு முக்கியமானது இந்த இரண்டாவது கை. வேகஸ் நரம்பு உட்கார்ந்திருக்கும்போதும் தூங்கும்போதும் ஓங்கியிருக்கும், நடக்கத் தொடங்கினால் அடங்கிவிடும். ஆகவே டிகாக்சின் மட்டும் சாப்பிடுகிறவருக்கு நாற்காலியில் பல்ஸ் 72 இருக்கும், மாடிப்படி ஏறினால் 140-க்குப் போய்விடும். அந்த ஏற்றத்தைப் பிடிக்கத்தான் சிலருக்குக் கூடவே டில்டியாசெமோ பீட்டா தடுப்போ சேர்க்கிறார்கள். சேர்ப்பதில் தவறில்லை. ஆனால் ஒரே சாவடியை இரண்டு பேர் சேர்ந்து மூடுகிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

எண்ணும் முறை

இந்த மருந்துகள் தரப்படுபவர்களில் பலர் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்கள். மேலறை ஒழுங்காகச் சுருங்காமல், நிமிடத்துக்கு முந்நூறுக்கு மேல் துடிப்புகளோடு நடுங்கிக்கொண்டே இருக்கும் நிலை அது. அந்த நூற்றுக்கணக்கான துடிப்புகளில் எவை கீழே வரும் என்பதில் ஒழுங்கே கிடையாது. அதனால் நாடியும் தாறுமாறாகத்தான் இருக்கும்: இரண்டு துடிப்பு அடுத்தடுத்து, பிறகு ஒரு இடைவெளி, ஒன்று பலமாக, ஒன்று மெலிதாக. இப்படிப்பட்ட நாடியைப் பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது வெறும் ஊகம். முழு அறுபது வினாடியும் எண்ண வேண்டும்.

காலை மாத்திரை போடுவதற்கு முன், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு எண்ணுங்கள். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டின் வெளிப்பக்க ஓரத்தில், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வைத்தால் நாடி கிடைக்கும். கட்டைவிரலால் பார்க்கக்கூடாது, அதற்கே சொந்தமாக ஒரு துடிப்பு உண்டு. சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள் பன்னிரண்டில் வரும்போது தொடங்கி, திரும்ப அங்கே வரும்வரை எண்ணுங்கள். குறிப்பேட்டில் எண்ணோடு, 'சீர்' அல்லது 'சீரில்லை' என்று ஒரு சொல்லையும் சேர்த்து எழுதுங்கள். அந்தச் சொல் எதற்கு என்பது கொஞ்ச நேரத்தில் விளங்கும்.

இரத்த அழுத்தக் கருவியும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் நாடியை நம்மைப் போலவே வெளியிலிருந்துதான் பார்க்கின்றன. கீழறை சுருங்கியும், இரத்தம் போதுமான அளவு நிறையாததால் மணிக்கட்டுவரை வந்து சேராத துடிப்புகளை அவை தவறவிடும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் நெஞ்சில் கேட்டால் 96 என்றும் மணிக்கட்டில் 78 என்றும் இருப்பது சாதாரணம். இன்னொரு வகையும் இருக்கிறது. ஒவ்வொரு இயல்பான துடிப்புக்கும் பின்னால் முந்திக்கொண்டு ஒரு தவறான துடிப்பு வரும் நிலையில், மணிக்கட்டுக்குப் பாதிதான் வந்து சேரும். கருவி 38 என்று காட்டும், இதயம் உண்மையில் 76 முறை சுருங்கியிருக்கும். 'அப்படியானால் கவலையில்லை' என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஒன்றுவிட்டு ஒன்று வரும் தவறான துடிப்பு, டிகாக்சின் நஞ்சாகும்போது வரக்கூடிய அடையாளங்களில் ஒன்று. உண்மையான எண்ணைச் செவிலியர் இடது மார்புக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சொல்வார். அதன் காரணத்தை ஈ.சி.ஜி. சொல்லும்.

எது குறைவு?

டிகாக்சின் தருவதற்கு முன் நாடி 60-க்குக் கீழே இருந்தால் அந்த வேளையை நிறுத்திவைத்து மருத்துவரிடம் சொல் என்பது செவிலியர் படிப்பில் பல காலமாகச் சொல்லித் தரும் விதி. பாதுகாப்பான விதிதான். ஆனால் எல்லோருக்கும் அதையே சட்டமாக வைத்தால், 56 என்று நல்ல தெம்போடு நடமாடுகிறவர் தினமும் மாத்திரையை விட்டுவிட்டு, பத்தாம் நாள் மூச்சுத்திணறலோடு வந்து நிற்பார். அதனால் உங்கள் மருத்துவரிடம், "என் எண் என்ன? எதற்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டு, மருந்துச்சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எழுதி வாங்காதவர்களுக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

50-க்கும் 60-க்கும் இடையில் இருந்து, உடம்பில் எந்த மாற்றமும் இல்லையென்றால், அரைமணி கழித்து மறுபடி எண்ணுங்கள். அதே எண் வந்தால், மாத்திரை போடுவதா வேண்டாமா என்று அன்றைக்கே தொலைபேசியில் கேளுங்கள். வழக்கமாகவே அந்த எண்ணில் இருப்பவர், மருத்துவருக்கும் அது தெரியும் என்றால், இந்தத் தொல்லை வேண்டாம். 50-க்குக் கீழே போனால் அடுத்த வேளை டிகாக்சினையும் டில்டியாசெமையும் வெராபமிலையும் மருத்துவரிடம் பேசாமல் போடாதீர்கள், அன்றைக்குள் ஓர் ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். 40-க்குக் கீழே போனால் யோசிக்க ஒன்றுமில்லை, 108-ஐக் கூப்பிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எண்ணைவிட ஆளைப் பார்ப்பது முக்கியம். எழுந்தால் கண் இருட்டுகிறது, மயக்கம் வந்தது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, குளிர்ந்த வியர்வை, வயதானவர் திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசுகிறார் - இவற்றில் ஒன்று இருந்தாலும், பல்ஸ் 54 ஆக இருந்தாலும் அது அவசரம்தான். இதயம் ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் இரத்தத்தைத் துடிப்பின் எண்ணிக்கையால் பெருக்கினால் வரும் அளவிலிருந்துதான் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தம் போய்ச் சேருகிறது. வலுவான இதயம், துடிப்பு குறைந்தாலும் ஒவ்வொன்றிலும் அதிகம் தள்ளிச் சமாளிக்கும். தூங்கும்போது கைக்கடிகாரம் 46 என்று காட்டினால் பதறாமல் இருக்கச் சொல்வதும், ஓட்டப்பந்தய வீரர்களுக்கு 48 இயல்பு என்பதும் அதனால்தான். வால்வு சுருங்கிய இதயமோ தசை தளர்ந்த இதயமோ அப்படிச் சமாளிக்காது.

ஒருவரின் குறிப்பேடு

இனி வருவது பலரிடம் காண்பதை ஒன்றாகக் கோத்த ஓர் எடுத்துக்காட்டு. 68 வயது அம்மா, எடை 46 கிலோ. சின்ன வயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சல் இதயத்தின் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்டது. பல வருடமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். தினம் டிகாக்சின் 0.25 மி.கி., டில்டியாசெம் 30 மி.கி. மூன்று வேளை, கால் வீக்கத்துக்கு ஃப்ரூசமைடு 40 மி.கி., இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை. டிகாக்சினை வாரத்தில் ஐந்து நாள் போட்டு, சனி, ஞாயிறு விட்டுவிடச் சொல்லும் பழக்கம் நம் மருத்துவர்கள் பலரிடம் உண்டு, அவருக்கும் அப்படித்தான். குறிப்பேட்டில் எப்போதும் 74, 82, 78, பக்கத்தில் 'சீரில்லை'.

ஒரு கல்யாண வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றுப்போக்கு. முதல் நாள் ஆறேழு தடவை. சாப்பிட முடியவில்லை, வெறும் கஞ்சித் தண்ணீர்தான். மாத்திரைகளை மட்டும், ஃப்ரூசமைடு உட்பட, ஒன்று விடாமல் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் குறிப்பேட்டில் 62. வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது, ஆனால் பசி திரும்பவில்லை, வாய் குமட்டுகிறது. வயிறு இன்னும் சரியாகவில்லை என்று வீட்டில் நினைத்தார்கள். ஐந்தாம் நாள் காலை மகள் எண்ணியபோது 44.

"அம்மா, நாற்பத்தி நாலுதான் வருது."

"எண்ணி வெச்சுக்கோ. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் ஒரே சீரா அடிக்குது, விரலை வெச்சுப் பாரு."

மகள் மறுபடி விரல் வைத்தாள். உண்மைதான். முந்திக்கொள்வது, விட்டுவிடுவது, மெலிவது ஒன்றும் இல்லை, இடைவெளிகள் எல்லாம் ஒரே அளவு. அந்த அம்மா அதை நல்ல செய்தியாகச் சொன்னார். அந்தக் குறிப்பேட்டிலேயே மிகவும் மோசமான செய்தி அதுதான்.

காரணம் இது. மேலறை இன்னும் நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அது நடுங்கும்வரை, சாவடி கொஞ்சமாவது திறந்திருந்தால், நாடி சீராக இருக்க முடியாது. மெதுவாகவும் சீராகவும் வந்தால் சாவடி முழுவதுமாக மூடிவிட்டது, மேலேயிருந்து ஒன்றுமே கீழே வரவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். அப்போது கீழே இருக்கும் ஒரு மாற்று மையம், தன் பாட்டுக்கு நிமிடத்துக்கு 40 முதல் 60 என்ற கணக்கில் துடிப்பை எழுப்பி உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அதன் துடிப்பு ஒரே சீராக இருக்கும். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர் டிகாக்சின் சாப்பிடும்போது நாடி திடீரென்று மெதுவாகி ஒழுங்குபட்டால், மருந்து மிஞ்சியதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சிலருக்கு ஃபிப்ரிலேஷன் உண்மையிலேயே மாறி இயல்பான துடிப்பு திரும்புவதுண்டு. அதை ஈ.சி.ஜி. பார்த்துத்தான் சொல்ல முடியும், விரலால் முடியாது. குறிப்பேட்டில் 'சீர்', 'சீரில்லை' என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

மகள் மருத்துவரின் கிளினிக்குக்குக் கூப்பிட்டாள். செவிலியர் கேட்டது மூன்று கேள்வி: இன்றைக்கு மாத்திரை போட்டாச்சா, சிறுநீர் எவ்வளவு போகிறது, கடைசியாக ஒழுங்காகச் சாப்பிட்டது எப்போது. "ஒரு மாத்திரையும் குடுக்காதீங்கம்மா. எல்லா அட்டையையும் ஒரு பையில போட்டு, பாட்டியை உடனே கூட்டிட்டு வாங்க. நடக்க விடாதீங்க" என்றார்.

ஈ.சி.ஜி.யில் மேலறை நடுக்கமும், அதற்குச் சம்பந்தமில்லாமல் 44-இல் சீராக ஓடும் கீழறையும் தெரிந்தன. இரத்தத்தில் கிரியாட்டினின் வழக்கமான 1.0-இலிருந்து 1.9 ஆகியிருந்தது. பொட்டாசியம் 2.9, இருக்க வேண்டியது 3.5-க்கு மேல். டிகாக்சின் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 2.8 நானோகிராம். இதயம் தளர்ந்தவர்களுக்கு இப்போது விரும்பப்படும் அளவு 0.5 முதல் 0.9 வரைதான்.

மாத்திரையின் அளவு மாறவில்லை, வாரக் கணக்கும் மாறவில்லை. மாறியது உடம்பு. டிகாக்சின் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேறுகிறது. வயிற்றுப்போக்கில் நீர் வற்றி, அதற்கு மேல் ஃப்ரூசமைடும் நீரை இறக்க, சிறுநீரகம் சோர்ந்தது. உள்ளே போனது வெளியே போகாமல் சேர்ந்தது. அதே வயிற்றுப்போக்கும் அதே ஃப்ரூசமைடும் பொட்டாசியத்தையும் கொண்டுபோயின. தசை அணுவின் பம்பில் டிகாக்சினும் பொட்டாசியமும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுபவை. பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சினுக்குத் தடையே இல்லை, இருக்கும் அளவே இரண்டு மடங்கு கடிக்கும். இதற்கு மேல் டில்டியாசெம் அதே சாவடியின் மறுகதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் தொடங்கிய குமட்டலும் பசியின்மையும் வயிற்றுக் கோளாறு அல்ல, டிகாக்சினின் வேலை. பல்ஸ் விழுவதற்கு முன்பே அது எச்சரித்துவிட்டது.

அவருக்குச் செய்தது ஆரவாரமில்லாத சிகிச்சை. டிகாக்சினும் டில்டியாசெமும் ஃப்ரூசமைடும் நிறுத்தப்பட்டன. மானிட்டர் மாட்டிய படுக்கை, அளந்து அளந்து திரவம், மெதுவாகப் பொட்டாசியம். பல்ஸ் 40-க்குக் கீழே இறங்கியபோது அட்ரோபின் ஊசி. தற்காலிக பேஸ்மேக்கர் தயாராக இருந்தது, தேவைப்படவில்லை. டிகாக்சினைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருள் ஊசி ஒன்று உண்டு. விலை அதிகம், எல்லா மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை, உயிருக்கு ஆபத்தான நிலையில்தான் தேடிப் பிடிப்பார்கள்.

டில்டியாசெமின் பிடி ஒரு நாளில் விட்டுவிடும். டிகாக்சின் அப்படியல்ல. சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே அது பாதியாகக் குறைய ஒன்றரை நாள் முதல் இரண்டு நாள் ஆகும், சிறுநீரகம் சோர்ந்திருந்தால் இன்னும் பல நாள் நீளும். மாத்திரையை நிறுத்திய அன்றே பல்ஸ் ஏறவில்லையே என்று மகள் கலங்கியது இயல்பு. நான்காம் நாள் மாலை, நாடி மறுபடியும் முந்தவும் பிந்தவும் தொடங்கியது, எண் 70-ஐத் தாண்டியது. சீரற்ற நாடி திரும்பியதைக் கண்டு வார்டில் மருத்துவர் நிம்மதியடைந்தார், சாவடி திறந்துவிட்டது என்று அர்த்தம். வீட்டுக்குப் போகும்போது டிகாக்சின் பாதி அளவாக, 0.125 மி.கி. ஆனது. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் அன்றைக்கே கூப்பிட வேண்டும், அதுவரை ஃப்ரூசமைடும் டிகாக்சினும் போடக்கூடாது என்று சீட்டில் எழுதித் தரப்பட்டது.

பல்ஸை விழவைக்கும் மற்றவை

மருந்துகளில், டிகாக்சினோடு வெராபமிலையோ அமியோடரோனையோ சேர்த்தால் இரத்தத்தில் டிகாக்சின் அளவே கணிசமாக ஏறும். சேர்க்கும்போது டிகாக்சினைக் குறைப்பது மருத்துவர்களின் வழக்கம். குறைக்காமல் சீட்டில் புதிதாகச் சேர்ந்திருந்தால் கேட்டுவிடுங்கள். நெஞ்சுச் சளிக்கு எழுதும் கிளாரித்ரோமைசின் டிகாக்சினையும் ஏற்றும், டில்டியாசெமையும் ஏற்றும். மருந்துக்கடையில் "சளிக்கு ஒரு ஆன்டிபயாடிக்" என்று வாங்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். வெராபமிலோடு பீட்டா தடுப்பு சேர்வது தனி ஆபத்து. அதில் யாரும் எதிர்பார்க்காத ஒன்று உண்டு: கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் சொட்டு மருந்து. அது பீட்டா தடுப்பு. கண்ணிலிருந்து மூக்கு வழியாக இறங்கி இரத்தத்தில் கலந்து பல்ஸைக் குறைக்கும். இதய மருத்துவரிடம் போகும்போது கண் சொட்டைப் பற்றிச் சொல்வதற்கு யாருக்கும் தோன்றுவதில்லை.

பொட்டாசியம் குறைவதைப் பற்றிச் சொன்னேன். கூடுவதும் கெடுதி, அது வேறொரு வழியில். ஸ்பைரனோலாக்டோன் என்ற நீர் மாத்திரை பொட்டாசியத்தைத் தக்கவைக்கும். சிறுநீரகம் சோர்ந்தவர் அதையும் டில்டியாசெமையும் சேர்த்துச் சாப்பிட்டு, களைப்புக்கு இளநீரும் தினம் இரண்டு குடித்தால், ஏறிய பொட்டாசியமும் டில்டியாசெமும் சேர்ந்து கணுக்களை அடக்கிவிடும். பல்ஸ் விழும், அதனால் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையும், அதனால் பொட்டாசியம் இன்னும் ஏறும். டிகாக்சின் சாப்பிடுகிறவரிடம் 'பொட்டாசியம் நல்லது, இளநீர் குடி' என்று பக்கத்து வீட்டில் சொல்வதை இரத்தப் பரிசோதனை பார்க்காமல் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

டில்டியாசெமிலும் வெராபமிலிலும் மெதுவாகக் கரையும் வகை உண்டு, அட்டையில் 'எஸ்.ஆர்.' என்று இருக்கும். அதை உடைத்தோ பொடித்தோ கொடுத்தால் நாள் முழுவதற்குமான அளவு ஒரே மூச்சில் இறங்கும். விழுங்க முடியாத முதியவருக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனில் குழைத்துத் தருவது நம் வீடுகளில் சாதாரணம். இந்த மாத்திரையில் அது கூடாது. ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போட்டு ஈடுகட்டவும் கூடாது, விட்டது விட்டதுதான்.

வீட்டில் குழந்தை இருந்தால் இந்த அட்டைகள் தலையணைக்கு அடியிலோ சாமி மாடத்திலோ இருக்கக்கூடாது, பூட்டிய இடத்தில் இருக்க வேண்டும். தவழும் வயதுக் குழந்தைக்கு டில்டியாசெமோ வெராபமிலோ ஒன்றிரண்டு மாத்திரையே உயிரைப் பறிக்கப் போதும். எஸ்.ஆர். வகையாக இருந்தால் பல மணி நேரம் ஒன்றுமே தெரியாது. விழுங்கியதா இல்லையா என்ற சந்தேகம் வந்தாலே, விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தையாக இருந்தாலும் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உப்புக் கரைசல் கொடுத்து வாந்தியெடுக்க வைக்க முயலாதீர்கள்.

பெரியவர்களே தவறி அளவுக்கு மேல் போட்டுக்கொள்வதும் நடக்கும். பெரும்பாலும் ஒரே மருந்து இரண்டு கம்பெனிப் பெயரில் வீட்டில் இருப்பதால் நடப்பது அது. இரண்டு மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளை அருகருகே வைத்து, அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் உண்மையான பெயரை ஒப்பிட்டுப் பாருங்கள். டில்டியாசெம் அளவு மிஞ்சினால் பல்ஸோடு இரத்த அழுத்தமும் சேர்ந்து விழும், சர்க்கரையும் ஏறும். அந்த நிலையில் வீட்டில் செய்ய ஒன்றும் இல்லை.

மருத்துவமனையில் முதலில் கேட்கப்போவது கடைசி டிகாக்சின் எத்தனை மணிக்குப் போட்டார் என்பது. விழுங்கிய மாத்திரை இரத்தத்திலிருந்து தசைகளுக்குப் போய் அடங்க ஆறு மணி நேரமாவது ஆகும். அதற்கு முன் எடுத்த இரத்தத்தில் டிகாக்சின் அளவு உண்மையைவிட அதிகமாகக் காட்டும். அதைப் பார்த்து நஞ்சு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. ஆகவே குறிப்பேட்டில் பல்ஸுக்குப் பக்கத்தில் மாத்திரை போட்ட நேரத்தையும் எழுதுங்கள். அவசரத்தில் கிளம்பும்போது பணப்பையோடு அந்தக் குறிப்பேட்டையும், கண் சொட்டு உட்பட எல்லா மருந்து அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.